பெரிய காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பும்போது: முதல் ஆறு வாரத்துக்கான வழிகாட்டி

அப்பா தவறிய ஒன்பதாம் நாள். திருப்பூரில் அப்போது நான் வேலை பார்த்த ஏற்றுமதி நிறுவனத்தில், கட்டிங் மாஸ்டர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். "ஏன் அம்மிணி, இந்த பையருக்கு எப்பவும் லார்ஜ்தானே அதிகம் போகும்? நீ ஸ்மாலை ஏத்திப் போட்டிருக்கியே?" என்றார்.

ஆர்டர் 12,000 டி-ஷர்ட். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்ற வரிசையில் ரேஷியோ 1:2:2:1. அதாவது ஸ்மால் 2,000, மீடியம் 4,000, லார்ஜ் 4,000, எக்ஸ்எல் 2,000. நான் கட்டிங்குக்கு எழுதிக் கொடுத்தது 2:2:1:1. ஸ்மால் 4,000, லார்ஜ் 2,000 என்று ஆகியிருந்தது. இரண்டிலுமே மொத்தம் ஆறு பங்கு, கூட்டினால் 12,000. கூட்டுத்தொகை சரியாக வந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடுவதற்கு முன்பே மாஸ்டர் கேட்டதால் தப்பித்தோம். ஸ்மாலுக்கு வெட்டிய துணியை லார்ஜாக்க யாராலும் முடியாது.

அன்று நான் மெதுவாக வேலை செய்யவில்லை. சொல்லப்போனால், எல்லா மெயிலுக்கும் பதில் போட்டு, எல்லா ஃபோனையும் எடுத்து, மேலாளர் எதிர்பார்த்ததை முழுதாகச் செய்திருந்தேன். வீட்டில் சாவு நடந்து திரும்பியவரிடம் மேலாளரும் பக்கத்து மேசைக்காரரும் பார்ப்பது வேகத்தைத்தான். நாமும் வேகத்தைக் காட்டி நம்மை நிரூபிக்கப் பார்க்கிறோம். ஆனால் உடைவது கவனம். தூக்கம் கெட்டிருக்கும், ஞாபகம் பாதியில் அறுந்து போகும், ஒரு எண்ணைப் பார்த்து இன்னொன்றை எழுதுவோம். எழுதும்போது அது தெரியவே தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் வேலையைப் பிரிக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: தவறு நடந்தால் திருப்பி எடுக்க முடியுமா, முடியாதா?

என் துறை, பையரின் ஆர்டரை ஆரம்பத்திலிருந்து ஷிப்மென்ட் வரை பின்தொடரும் மெர்ச்சண்டைசிங் என்பதால் உதாரணங்கள் பனியன் கம்பெனியிலிருந்தே வரும். கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதியில் இருப்பவரும், கோவையில் பம்ப் கம்பெனிக்கு ட்ராயிங் போடுபவரும், ஈரோட்டில் கணக்கு பார்ப்பவரும் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

## திரும்பும் முன்: எல்லா நாளையும் ஒரே தடவையில் கேளுங்கள்

நான் செய்த முதல் தவறு இது. "திங்கட்கிழமை வந்துடறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி லீவு கேட்டபோது, "இப்பத்தானேம்மா வந்தீங்க?" என்றார் மேலாளர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கணக்கில் துக்கம் முடிந்துவிட்டது. நம் வழக்கத்தில் அது தவணை தவணையாக வருகிறது. மூன்றாம் நாள் பால் ஊற்றுவது, கொடுமுடியிலோ பவானி கூடுதுறையிலோ பேரூரிலோ அஸ்தி கரைப்பது, பிறகு கருமாதி. ஒவ்வொரு வீட்டிலும் நாள் கொஞ்சம் மாறும், ஆனால் ஒரே வீச்சில் முடிவதில்லை.

தனியார் வேலையில் வீட்டு இறப்புக்கென்று தனி விடுப்பு தரச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. கடை, வணிக அலுவலகம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஆண்டுக்கு 12 நாள் வரை நியாயமான காரணத்துக்கான தற்செயல் விடுப்புக்கு இடம் தருகிறது. தொழிற்சாலை என்றால் சேர்ந்திருக்கும் ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டுக்கொண்டு பேசுங்கள். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிட்டால் கருமாதிக்குச் சம்பளம் பிடிப்பார்கள்.

முடிந்தால் வியாழக்கிழமை திரும்புங்கள். சனி வரை மூன்று நாள் வேலை பார்த்தால் ஞாயிறு வந்துவிடும். நான் திங்கட்கிழமை போனேன், முழு ஆறு நாள். ரேஷியோ தவறு நடந்தது புதன்கிழமை. இன்ஸ்பெக்‌ஷன் இருக்கும் நாளில் போகவே போகாதீர்கள். அன்று யாருக்கும் உங்களோடு உட்கார நேரம் இருக்காது.

மேலாளருக்கு ஃபோனில் சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்ஆப்பிலும் போட்டுவிடுங்கள். இப்போது எழுதுவதாக இருந்தால் நான் இப்படி எழுதுவேன்:

"சார், வியாழக்கிழமை வேலைக்கு வர்றேன். அப்பாவோட பதினாறாம் நாள் அடுத்த புதன்கிழமை, அன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும். வாரிசுச் சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸ் போக இன்னொரு அரை நாள் வேணும், தேதி நாலு நாள் முன்னாடியே சொல்றேன். முதல் ரெண்டு வாரம் ரேஷியோ, கலர் ஷேடு ரெண்டும் இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் என் கிட்ட இருந்து வெளிய போகும், விலை போடறதை மட்டும் வேற ஒருத்தர் பார்க்கட்டும். மத்த வேலை எல்லாம் வழக்கம் போல நானே பார்த்துக்கறேன்."

இதில் இரக்கம் கேட்கும் வரி ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் என்று முடிவு தேதி இருக்கிறது. மேலாளருக்குப் பயம் "இது எப்போது முடியும்" என்பதுதான். முடிவு தேதி சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

காகித வேலைகளில் அவசரமானது ஒன்றுதான். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகு தாமதக் கட்டணமும் கூடுதல் அலைச்சலும் வரும். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், பேங்க் கணக்கு எல்லாம் கருமாதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் உடனே முடிக்கச் சொல்லி நெருக்குவார்கள். அத்தனையும் வேலை நாளில், அதுவும் காலை நேரத்தில் வரும் வேலை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் இதைப் பிரித்துக்கொண்டு, உங்கள் பங்குக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

## முதல் நாள்: விசாரிப்பும், முதல் ஒரு மணி நேரமும்

நம் பக்கம் துக்கம் விசாரிப்பது கடமை. விசாரிக்காமல் விட்டால்தான் குற்றம். அதனால் முதல் நாள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்து "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி, கடைசி இரவு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் பதினைந்து முறை சொல்ல வேண்டி வரும். ஐந்தாவது முறையிலேயே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டாம். உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் முழு விவரத்தையும் முந்தின நாளே ஃபோனில் சொல்லி, மற்றவர்களுக்குச் சொல்லிவிடச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு இரண்டு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ரெண்டு மாசமா முடியாம இருந்தாருங்க, போன செவ்வாய்க்கிழமை போயிட்டாருங்க. சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து பேசலாங்க." வயதில் மூத்தவர் என்றால் எழுந்து நின்று சொல்லுங்கள், அது போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொள்ளி வைத்த என் அண்ணன் மொட்டைத் தலையோடு தன் கடைக்குப் போனான். முடி வளரும் வரை வாடிக்கையாளர்கள்கூட அவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கட்டிக்கொடுத்த மகளான என்னிடம் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளே அலுவலகத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெண்கள் எழுத்தில் கேட்டு வைப்பது இன்னும் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

முதல் ஒரு மணி நேரம் மெயிலைத் திறக்காதீர்கள். நூற்றுக்கணக்கில் கிடக்கும், மேலே இருப்பதிலிருந்து பதில் போட ஆரம்பித்தால் ஏற்கெனவே முடிந்துபோன விஷயத்துக்குப் பதில் போடுவீர்கள். நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையைப் பார்த்தவரோடு உட்காருங்கள். மூன்று கேள்வி போதும். என் பெயரில் பையரிடம் என்ன தேதி சொல்லியிருக்கிறது? எந்த அப்ரூவல் காத்திருக்கிறது? எந்தத் தேதி மாறியிருக்கிறது? பதிலைக் கையால் நோட்டில் எழுதுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்ற நம்பிக்கையை இந்த மாதத்துக்கு விட்டுவிடுங்கள்.

## வேலையை மூன்றாகப் பிரிப்பது

அன்றைக்கு என்னிடம் நான்கு ஸ்டைல் இருந்தன. ரேஷியோ தவறுக்குப் பிறகு, வியாழக்கிழமை காலை, எனக்குக் கீழே வேலை பார்த்த தம்பியோடு உட்கார்ந்து அவற்றைப் பிரித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

ஒன்று, அந்த 12,000 டி-ஷர்ட், கட்டிங்குக்குப் போக இருந்தது. வெட்டினால் திரும்பாது. அதனால் நான் செய்வேன், தம்பி சரிபார்ப்பான். சரிபார்ப்பதற்கும் ஒரு முறை வைத்தோம். என் தாளைப் பார்த்து அவன் தலையாட்டினால் போதாது. பையர் அனுப்பிய ஆர்டர் தாளான பி.ஓ.வை அவன் கையில் வைத்துக்கொண்டு சைஸ் வாரியாக வாய்விட்டுப் படிப்பான், நான் என் தாளில் அதே வரியில் டிக் போடுவேன். மொத்தத்தைக் கடைசியில்தான் பார்ப்போம், ஏனென்றால் என்னை ஏமாற்றியதே மொத்தம்தான்.

இரண்டாவது ஸ்டைல் லேப் டிப்பில், அதாவது மொத்தத் துணிக்கும் சாயம் போடுமுன் நிறத்துக்குச் சின்ன மாதிரி பார்க்கும் கட்டத்தில், இருந்தது. டையிங்கிலிருந்து வந்த ஷேடுகளில் எதைப் பையருக்கு அனுப்புவது என்று பார்க்க வேண்டும். ஷேடு ஓகே ஆகி மொத்தத் துணியும் சாயத்துக்குள் போனபின் நிறம் தப்பு என்று தெரிந்தால், மறுபடி சாயம் ஏற்றும் செலவும் ஒரு வாரம் போவதும் உறுதி. இதுவும் இரண்டு பேர் பார்க்கும் பட்டியலில் சேர்ந்தது. அழுது சிவந்த கண்ணோடு, நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸ் முன்னால் நின்று இரண்டு நீலத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது பேக்கிங்கில் இருந்தது. அட்டைப்பெட்டி வந்ததா, பாலிபேக் பற்றுமா, லேபிள் எத்தனை மீதி என்று ஃபோன் போட்டுத் துரத்தும் வேலை. ஒரு கேள்வியை மறந்தால் மாலையில் மறுபடி கேட்கலாம். இதை முழுக்க நானே வைத்துக்கொண்டேன். இந்த வேலை எனக்கு நல்லதாகவும் இருந்தது. எழுந்து நடக்க வேண்டும், மனிதர்களோடு பேச வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான்காவது புது ஆர்டருக்கான காஸ்டிங். நூல் விலை, ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி, சேதாரம், லாபம் எல்லாம் போட்டு விலை சொல்ல வேண்டும். சொன்ன விலையை மறுநாள் "தப்பாகக் கணக்குப் போட்டேன்" என்று ஏற்ற முடியாது. இரண்டு பேர் பார்த்தாலும் ஆதாரக் கணக்கு என் தலையிலிருந்துதான் வரும். இதை இரண்டு வாரத்துக்கு முழுதாக வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வேலையிலும் இப்படித்தான் பிரியும். திருப்ப முடிவது உங்களிடம், திருப்ப முடியாதது இரண்டு கண்ணோடு, உங்கள் தீர்ப்பு மட்டுமே ஆதாரமாக இருப்பது கைமாறட்டும். கைமாற்றுவது எல்லாவற்றிலும் குறைவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் மறுபடி வாங்குவது கஷ்டம், மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டம்.

கூட வேலை செய்பவர்கள் ஏற்கெனவே ஒரு வாரம் நம் சுமையைச் சுமந்திருக்கிறார்கள். நாம் வந்ததும் இறக்கி வைக்க நினைப்பது இயல்பு. அதனால் உதவியாகக் கேட்காமல், வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளுங்கள். "உன்னோட பேக்கிங் ஃபாலோ-அப்பையும் நானே பார்த்துக்கறேன் தம்பி, நீ என்னோட ரேஷியோவைப் பாரு" என்றேன். அவனுக்கு நேரம் மிச்சம், எனக்குப் பயம் குறைவு. இரண்டு வாரம் சண்டையில்லாமல் ஓடியது.

## ஒரு நாள் எப்படி ஓடும்

இரண்டு பேர் பார்க்கும் வேலையைக் காலை பத்திலிருந்து பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தலை மந்தமாகும், நான்கு மணிக்கு மேல் போட்ட எண்களில்தான் எனக்குத் தவறு அதிகம் வந்தது.

அழுகை நேரம் பார்த்து வராது. எனக்கு அது அப்பா பெயரில் இருந்த ஃபோன் பில் மெசேஜில் வந்தது. துணி குடோனில் ரோல்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது, குடோன் பார்க்கும் அக்காவிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். பத்து நிமிடம் அங்கே இருந்துவிட்டு வந்தால் வேலை ஓடும். அடக்கிக்கொண்டு மேசையிலேயே இருந்தால் மதியம் முழுவதும் போய்விடும். இதை நான் அனுபவத்தில் கண்டேன். துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபெ, ஹெங்க் ஷூட் என்ற இருவர் 1999-ல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மனம் மாறி மாறிப் போய் வருவதுதான் ஆரோக்கியமான போக்கு என்கிறார்கள். வேலைக்கு நடுவே சிரித்துவிட்டால் அப்பாவுக்குத் துரோகம் என்றும், அழுதுவிட்டால் வேலைக்குத் துரோகம் என்றும் நினைத்துக் குழம்பியிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

முதல் இரண்டு வாரம் வண்டி ஓட்ட வேண்டாம். காங்கயம் ரோட்டில் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தவள், எந்த சிக்னலைத் தாண்டினேன் என்றே தெரியாமல் ஒரு நாள் கம்பெனி வாசலில் நின்றேன். மறுநாளிலிருந்து பஸ்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. பீஸ் குறைந்தால் அன்றே கூலி குறையும், இரண்டாவது கண்ணும் கிடையாது. அவர்கள் லைன் சூப்பர்வைசரிடம் ஒன்றைக் கேட்கலாம்: ஒரு வாரத்துக்கு ஷிஃப்ட் கூலிக்குச் செக்கிங், மடிப்பு, டேக் போடுவது போன்ற கை வேலை. கட்டிங் மெஷின், ஓவர்லாக், டையிங் மெஷினில் நிற்பவர்கள் தூங்காத இரவுக்கு மறுநாள் இதை விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும். அங்கே கவனம் தப்பினால் போவது விரல்.

## "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்கும்போது

கேட்பார்கள். அப்போது மனநிலையைப் பேசாமல் நோட்டை எடுத்துப் பேசுங்கள். இதற்காகவே நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். தம்பி பிடித்த ஒவ்வொரு தவறுக்கும் தேதி போட்டு ஒரு கோடு. முதல் வாரம் ஏழு கோடு, இரண்டாம் வாரம் நான்கு. மேலாளரிடம், "சார், போன வாரம் ஏழு, இந்த வாரம் நாலு. எதுவும் வெளிய போகலை. ரெண்டுக்குக் கீழ வந்ததும் தனியா அனுப்ப ஆரம்பிச்சுடறேன்" என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சொன்ன இரண்டு வாரம் போதவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கருமாதி முடிந்த அடுத்த வாரத்தில் கோடு ஆறாக ஏறியது. அதுவரை வீடு நிறைய ஆட்கள், சமையல், சடங்கு. எல்லோரும் கிளம்பியபின் அம்மா தனியாக இருக்கிற வீட்டுக்கு ஃபோன் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பலருக்கும் மூன்றாம், நான்காம் வாரம் முதல் வாரத்தைவிட மோசமாக இருக்கிறது. அப்போது அலுவலகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் பதினாறாம் நாள் முடிந்ததும் இரண்டு கண் ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள், இன்னும் இரண்டு வாரம் நீட்டுங்கள். காஸ்டிங்கை மட்டும் சொன்ன தேதியில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி, அதையும் இரண்டு பேர் பார்க்கும் பட்டியலில் போடுங்கள். எனக்கு ஐந்தாம் வாரம் கோடு ஒன்றாகக் குறைந்தது.

ஆறு வாரம் ஆகியும் கோடு குறையவே இல்லை, தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் கம்பெனி வாசல் வரை வந்து உள்ளே போக முடியாமல் திரும்புகிறீர்கள் என்றால், நோட்டால் சரியாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல், எந்த நேரத்திலும் பேசலாம். தானும் போய்விட்டால் தேவலை என்ற நினைப்பு வந்தால் ஆறு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே கூப்பிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் அன்றாட வாழ்க்கையை நடக்கவிடாமல் முடக்கி வைத்திருந்தால், உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகவே கணக்கில் எடுக்கிறது.

## அந்த வருடத்தின் மற்ற நாட்கள்

ஒரு வருடம் வரை பல வீடுகளில் பண்டிகை கொண்டாடுவதில்லை. ஆயுத பூஜையன்று கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுப் பொரிகடலை கொடுப்பார்கள். நீங்கள் ஒதுங்கி நின்றால், தெரியாதவர்கள் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். முந்தின நாளே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஷிப்மென்ட் நெருக்கடி உச்சத்தில் இருக்கும், துணிக்கடைப் பைகள் மேசைக்கு மேசை நிற்கும். அந்த வாரம் எனக்குக் கோடு மறுபடி மூன்றாகியது.

வருடத் திதி நட்சத்திரப்படியோ திதிப்படியோ வரும், இங்கிலீஷ் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். ஜோசியரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ இப்போதே கேட்டு, ஃபோன் காலண்டரில் போட்டு, அந்த ஒரு நாள் லீவை ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொடுமுடிக்கு விடியற்காலையில் கிளம்பினால் காரியம் முடித்து மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். திரும்பலாம்தான். அன்று மத்தியானம் யாரும் உங்களிடம் ரேஷியோ கேட்காதபடி முழு நாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.